கார் ரிமோட் சாவி திறக்கவில்லையா? பேரிங்கில் கை வைப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டனை அழுத்துகிறோம், கதவு திறக்கவில்லை. பெரும்பாலானோர் முதலில் சாவிக்குள் இருக்கும் பட்டன் செல்லை மாற்றுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் பேரிங், அதாவது காரில் இருக்கும் சாவியின் பதிவு, போய்விட்டது என்று முடிவு கட்டி, இணையத்தில் கிடைத்த வழிமுறையைப் பார்த்து மறுபடி பதிவு செய்ய இறங்குவார்கள். செல்லை மாற்றுவதால் கெடுவது ஒன்றுமில்லை. ஆனால் அவசரப்பட்டு பேரிங் செய்தால், அதுவரை ஒழுங்காக வேலை செய்த இரண்டாவது சாவியும் செத்துப்போக வாய்ப்புண்டு. எனவே எதையும் மாற்றுவதற்கு முன், கோளாறு சாவியிலா காரிலா என்று பிரித்துவிட வேண்டும்.

அதற்கு இரண்டாவது சாவியை எடுத்து, அதே இடத்தில், அதே தூரத்தில் நின்று அழுத்திப் பாருங்கள். அது திறந்தால் ரிசீவர், ஃபியூஸ், கதவு மோட்டார் எல்லாமே நன்றாக இருக்கின்றன. கோளாறு முதல் சாவியிலோ அதன் பதிவிலோதான். இரண்டுமே திறக்கவில்லை என்றால் சாவிக்குள் இருக்கும் மறைசாவியால் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் லாக் சுவிட்சைத் தட்டுங்கள். (சில கார்களில் இப்படித் திறந்தால் அலாரம் அலறும், இக்னிஷனைப் போட்டால் நின்றுவிடும்.) பூட்டுகள் அசையவே இல்லை என்றால் முதலில் காரின் பெரிய பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போயிருந்தால் அது கிட்டத்தட்ட காலி. அந்த நிலையில் சாவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தப்புக் கணக்கு: "கார் ஸ்டார்ட் ஆகிறதே, அப்படியென்றால் சாவி நன்றாகத்தானே இருக்கிறது?" ஒரே சாவிக்குள் இரண்டு தனி வேலைகள் நடக்கின்றன. கதவைத் திறப்பது செல்லில் ஓடும் ரேடியோ டிரான்ஸ்மிட்டர். எஞ்சினை ஸ்டார்ட் ஆக விடுவது இம்மொபிலைசர் சிப். அதற்குச் செல்லே தேவையில்லை, இக்னிஷனைச் சுற்றியுள்ள காயில் தரும் சக்தியிலேயே பதில் சொல்லும். பட்டன் ஸ்டார்ட் கார்களிலும் செல் தீர்ந்த சாவியை ஸ்டார்ட் பட்டனிலோ, கையேடு காட்டும் இடத்திலோ ஒட்டிப் பிடித்தால் ஸ்டார்ட் ஆவது இதனால்தான். ஆக, எஞ்சின் ஓடுவதை வைத்து ரிமோட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கோளாறு சாவியில் என்று தெரிந்துவிட்டால் அடுத்து செல். இங்கேதான் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களே ஏமாறுகிறார்கள். செல்லை வெளியே எடுத்து அளக்கிறார்கள், 2.98 வோல்ட் காட்டுகிறது. மேலே 3 வோல்ட் என்றுதான் அச்சிட்டிருக்கிறது, எனவே செல் நன்றாக இருக்கிறது என்று திரும்பவும் போட்டுவிடுகிறார்கள். லித்தியம் பட்டன் செல் தீரத் தீர அதன் சும்மா இருக்கும் வோல்டேஜ் அதிகம் இறங்காது. உள் மின்தடைதான் ஏறும். சும்மா இருக்கும்போது 2.98 காட்டுவது, டிரான்ஸ்மிட்டர் கரண்டை இழுக்கும் அந்த நொடியில் 2.3-க்கு விழும். எல்.இ.டி எரிய அது போதும், சிக்னல் தூரம் போகப் போதாது. சாவியில் விளக்கு எரிகிறது என்பதால் சிக்னல் போகிறது என்றும் நினைக்க வேண்டாம். டிவி ரிமோட்டைச் சோதிப்பதுபோல மொபைல் கேமராவைக் காட்டிப் பார்ப்பதும் வீண்; கேமரா அகச்சிவப்பு ஒளியைத்தான் பிடிக்கும், கார் ரிமோட் அனுப்புவது ரேடியோ அலை.

சரியான அளவு, செல் சாவிக்குள் இருக்கும்போதே பட்டனை அழுத்திப் பிடித்து எடுப்பது. ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். முதல் சாவி கதவுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் மட்டும் திறக்கிறது. இரண்டாவது சாவி 15 மீட்டரில் இருந்து திறக்கிறது. முதல் சாவியின் செல் சும்மா 2.98, அழுத்தினால் 2.3. புதிய செல் போட்டாகிவிட்டது: சும்மா 3.25, அழுத்தும்போது செல்லின் முகத்திலேயே அளந்தால் 3.0. நல்ல செல்தான். ஆனாலும் தூரம் கூடவில்லை. இப்போது மீட்டர் முனைகளைச் செல்லிலிருந்து எடுத்து, செல்லைப் பிடித்திருக்கும் கிளிப் சர்க்யூட் போர்டில் சேரும் ஈயப் புள்ளிகளில் வைத்து மறுபடி அழுத்துங்கள். அங்கே 2.4 என்றால், 0.6 வோல்ட் கிளிப்பிலேயே காணாமல் போகிறது. இந்தச் சாவியை எத்தனை முறை பேரிங் செய்தாலும் தேறாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் கிளிப்பைத் துடைத்து, தளர்ந்த நாக்கை இம்மியளவு உள்நோக்கி வளைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போதும் சரியாகாவிட்டால் கிளிப்பின் கால் போர்டோடு சேரும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஈயத்தில் காலைச் சுற்றி முடி போன்ற வட்ட விரிசல் தெரிந்தால், சாவி பலமுறை கீழே விழுந்திருக்கலாம். மறுபடி ஈயம் வைக்க வேண்டும். பட்டன் சுவிட்சின் கால்களிலும் இதே விரிசல் வரும். அப்படி வந்தால் திறக்கும் பட்டன் மட்டும் வேலை செய்யாது, பூட்டும் பட்டன் வேலை செய்யும்.

செல் விஷயத்தில் இன்னும் சில. சிஆர்2032-க்குப் பதில் சிஆர்2025 போட்டால் விட்டம் இரண்டுக்கும் 20 மில்லிமீட்டர்தான், ஆனால் தடிமன் 3.2-க்குப் பதில் 2.5, ஆடிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் திறக்கும் ஒரு நாள் திறக்காது. ரீசார்ஜ் செய்யும் எல்ஐஆர்2032 வேண்டவே வேண்டாம். முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரும், 3 வோல்ட்டுக்கு வடிவமைத்த போர்டு அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. சில செல்களில் குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு இருக்கும். அது சில கிளிப்புகளில் மின்தொடர்பையே தடுத்துவிடும். அப்படியானால் பூச்சில்லாத செல் வாங்குங்கள். பழைய செல்லை மேசையில் விட்டுவிடாதீர்கள். ரிமோட்டுக்குத் தீர்ந்துபோன செல்லும் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாகப் புண்ணாக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

புதிய செல் சில வாரங்களிலேயே தீர்ந்தால் செல்லைத் திட்டாதீர்கள். ரப்பர் பட்டன் உள்ளே சிக்கி அழுந்தியபடியே இருக்கலாம். பட்டன் ஸ்டார்ட் சாவி என்றால், காருக்கு அருகிலேயே மாட்டி வைத்திருப்பதால் கார் அதை ஓயாமல் எழுப்பிக்கொண்டிருக்கலாம்.

இனி பேரிங். செல்லைக் கழற்றியதும் பதிவு அழிந்துவிடும் என்ற பயம் பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தாது. சாவியின் அடையாளமும் எண்ணிக்கையும் செல் இல்லாமலேயே நிற்கும் நினைவகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்த எண்ணிக்கை ஒன்று கூடி, சாவி புதிய குறியீடு ஒன்றை அனுப்பும். கார் கடைசியாகக் கேட்ட எண்ணைத் தாண்டியதை மட்டும் ஏற்கும். காருக்கு எட்டாத தூரத்தில் குழந்தை பட்டனை நூறு தடவை அழுத்தினால் சாவி முன்னே ஓடிவிடும், கார் பின்தங்கும். பரவலாகப் பயன்பட்ட கீலாக் முறையில், 16 எண் வரை முன்னே போயிருந்தால் உடனே ஏற்றுக்கொள்ளும். அதைத் தாண்டி சுமார் 32,000 வரை என்றால் அடுத்தடுத்து இரண்டு அழுத்தல் சரியாக வந்ததும் ஏற்கும். எனவே காருக்குப் பக்கத்தில் நின்று இரண்டு மூன்று முறை நிதானமாக அழுத்திப் பார்ப்பதே முதல் வைத்தியம். சில மாடல்களில் இக்னிஷனைப் போட்டு ஒரு பட்டனை அழுத்தும் மறுஇணைப்பு முறை உண்டு. அது கையேட்டில் இருக்கும், அதனால் மற்ற சாவிகள் பாதிக்கப்படாது.

முழுப் பதிவு வேறு கதை. பல கார்களில் பதிவு முறைக்குள் நுழைந்து முதல் சாவி ஏற்கப்பட்டதுமே பழைய பட்டியல் முழுக்க அழிந்துவிடும். வீட்டில் இருக்கும் சாவியைக் கொண்டுவராமல் ஒன்றை மட்டும் பதிந்தால் மற்றது அன்றோடு வேலை செய்யாது. பேரிங் போய்விட்டது என்று வரும் பல சாவிகளின் பின்னணி இதுதான்: வேறு யாரோ, வேறு சாவியை, தனியாகப் பதிந்திருப்பார்கள். எல்லாச் சாவிகளையும் ஒரே அமர்வில், எல்லாவற்றிலும் புதிய செல்லோடு, கார் பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்போது பதியுங்கள். பழைய சாவி வாங்கிப் பதிய நினைப்பவர்கள் அதிர்வெண்ணையும் பார்க்க வேண்டும்: 315 மெகாஹெர்ட்ஸ் சாவியை 433.92 மெகாஹெர்ட்ஸ் கார் காதிலேயே வாங்காது. இன்னொரு காரில் பதிந்து பூட்டப்பட்ட ஸ்மார்ட் சாவிகளையும் பல கார்கள் ஏற்காது.

உடைந்த சாவிக்கு வெளிக்கூடு மட்டும் மாற்றுபவர்கள் கவனிக்க: பல சாவிகளில் இம்மொபிலைசர் சிப் போர்டில் இருக்காது. பழைய கூட்டின் ஒரு மூலையில் அரிசிக்குச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழாயாகவோ, கறுப்புக் கட்டியாகவோ ஒட்டியிருக்கும். அதை எடுக்காமல் பழைய கூட்டைக் குப்பையில் போட்டால் புது கூடு கதவைத் திறக்கும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

ரிசீவரைக் குறை சொல்வது கடைசியில்தான். இரண்டு சாவியிலும் புதிய செல், உள் சுவிட்சில் பூட்டு வேலை செய்கிறது, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. அப்படியும் இரண்டுமே திறக்கவில்லை என்றால் காரை வேறு இடத்துக்கு ஓட்டிப்போய் மறுபடி பாருங்கள். அங்கே திறந்தால் முதல் இடத்தில் அதே அலைவரிசையில் ஏதோ இரைச்சல் போடுகிறது. எங்கு போனாலும் அப்படியே என்றால், கடைசியாகக் காருக்குள் எதைச் சேர்த்தீர்கள் என்று யோசியுங்கள். மலிவான யுஎஸ்பி சார்ஜர், டேஷ் கேமரா, எல்.இ.டி பல்பு ஆகியவை ரிசீவருக்குப் பக்கத்தில் இரைச்சலைக் கிளப்பும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துவிடலாம், செலவில்லை.

பல கார்களில் டயர் பிரஷர் சென்சார்களின் சிக்னலையும் இதே ரிசீவர்தான் வாங்குகிறது. ரிமோட் நின்ற அதே சமயம் டயர் எச்சரிக்கை விளக்கும் எரிந்து, நான்கு சென்சார்களும் கேட்கவில்லை என்று வந்தால் சந்தேகம் ரிசீவர் மேலோ அதன் ஆன்டெனா மேலோ வலுக்கும். கடையில் ஸ்கேனரை மாட்டி, கதவுப் பூட்டு, விளக்குகளைக் கவனிக்கும் பாடி கன்ட்ரோல் மாட்யூலின் லைவ் டேட்டாவைத் திறந்து, பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தும்போது திரையில் சாவியின் அடையாளம் மாறினால் ரிசீவர் கேட்கிறது. கோளாறு அதற்குப் பிந்தைய வேலையில். எதுவுமே அசையவில்லை என்றால் மாட்யூலை மாற்றச் சம்மதிப்பதற்கு முன் அதன் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி ஓரத்திலிருந்து இறங்கிய மழைநீரால் அங்கே பச்சைப் பூஞ்சை போல அரிப்பு படிந்திருக்கலாம். சுத்தம் செய்து காயவைத்தால் மாட்யூல் பிழைக்கலாம். ஆனால் நீர் வரும் ஓட்டையை அடைக்காமல் விட்டால் அடுத்த மழைக்குப் பிறகு ரிமோட் மறுபடியும் நிற்கும்.