வீடியோ வெளியிட்ட கையோடு முதல் பின்னூட்டத்தை மேலே குத்தி வைப்பது எப்படி

யூடியூபில் வீடியோ போடுபவர்கள் அதன் கீழே தாங்களே ஒரு பின்னூட்டம் எழுதி, அதை எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோப்புக்கான இணைப்பு, விட்டுப்போன விவரம், திருத்தம், அடிக்கடி வரும் கேள்விக்குப் பதில் எல்லாம் அதில் இருக்கும். செய்வது இரண்டு சொடுக்கு வேலைதான். ஆனால் நான் முதன்முறை செய்தபோது நாற்பது பேர் என்னிடம் அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அந்தக் கதை கீழே வருகிறது.

சேனல் தொடங்குவது, வீடியோவைப் பதிவேற்றுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை தெரிந்தவர்களுக்கே இந்தப் பதிவு.

எடுத்துக்காட்டாக என்னுடைய ஒரு வீடியோவையே வைத்துக்கொள்கிறேன். மாதச் செலவுக் கணக்கை கூகுள் ஷீட்ஸில் போடுவது எப்படி என்ற ஒன்பது நிமிடப் பாடம் அது. முதல் வரிசையில் தலைப்பு, அதற்குக் கீழே ஒரு நாளுக்கு ஒரு வரிசை. 6:42-இல் மொத்தம் காண =SUM(B2:B31) என்று அடித்துக் காட்டியிருந்தேன். முதல் தேதி இரண்டாம் வரிசையில் இருந்தால் 31ஆம் தேதி 32ஆம் வரிசையில் அல்லவா வரும்? மாதத்தின் கடைசி நாள் செலவு கணக்கில் சேராமலே போனது. வீடியோவை முழுவதுமாக ஏற்றி முடித்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. மறுபடி பதிவு செய்யப் பொறுமை இல்லை. மேலே குத்தும் பின்னூட்டத்தை நான் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

முதலில் எழுதி வையுங்கள்

வெளியிட்ட பிறகு பின்னூட்டப் பெட்டியில் நேராகத் தட்டச்சு செய்யாதீர்கள். அவசரத்தில் பிழை வரும். பாதி எழுதும்போது பக்கம் புதுப்பிக்கப்பட்டால் எல்லாம் போய்விடும். நான் கணினியோடு வரும் சாதாரணக் குறிப்பேட்டுச் செயலியில் எழுதுகிறேன். வேர்ட் போன்றவை வேண்டாம் என்பேன்: மேற்கோள் குறிகளைத் தாமாகவே வளைத்துவிடும், வளைந்த மேற்கோளை ஷீட்ஸில் ஒட்டினால் வாய்பாடு வேலை செய்யாது. என் பின்னூட்டத்தின் இப்போதைய வடிவம் இது, கடைசி வரி பின்னால் சேர்த்தது:

```
*திருத்தம்* 6:42 - வாய்பாடு =SUM(B2:B32) என்று இருக்க வேண்டும்.
B31 என்று போட்டால் 31ஆம் தேதி விட்டுப்போகும்.

பயிற்சிக் கோப்பு:
https://docs.google.com/spreadsheets/d/FILE_ID/copy

மொத்தம் 0 என்று வருகிறதா? எண்கள் எழுத்தாகப் பதிவாகியிருக்கும்.
```

வரிசையைக் கவனியுங்கள். நீளமான பின்னூட்டத்தில் முதல் சில வரிகள்தான் தெரியும், மீதி மடங்கிக்கொள்ளும். அதனால் யார் கண்ணிலும் தப்பக்கூடாதது எதுவோ அது முதல் வரியில். 'வணக்கம் நண்பர்களே, வீடியோ பிடித்திருக்கிறதா' என்று தொடங்கினால் திருத்தம் மடிப்புக்குள் போய்விடும், யாரும் விரித்துப் பார்க்க மாட்டார்கள்.

6:42 என்று எழுதினாலே போதும், அது சொடுக்கினால் அந்த இடத்துக்குத் தாவும் இணைப்பாகிவிடும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'இரவு 8:30 மணிக்கு நேரலை' என்று எழுதினாலும் அது வீடியோவின் எட்டரை நிமிடத்துக்குத் தாவும் இணைப்பாகிவிடலாம். மணியைக் குறிக்க வேண்டுமானால் 'எட்டரை' என்று எழுத்தில் எழுதிவிடுகிறேன்.

சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டால் எழுத்து தடிமனாகும். மூடும் நட்சத்திரத்துக்கு அடுத்து இடைவெளி வேண்டும். *திருத்தம்*ஆக என்று உருபை ஒட்டி எழுதினால் தடிமனும் ஆகாது, நட்சத்திரமும் அப்படியே அசிங்கமாகத் தெரியும்.

இணைப்பு: நான் விழுந்த பள்ளம்

முதல் தவறு தமிழில் எழுதுபவர்களுக்கே உரியது. 'கோப்பு இந்த முகவரியில் இருக்கிறது' என்பதை எழுதும்போது, முகவரியை ஒட்டிவிட்டு அதன் வாலில் -இல் என்று சேர்த்துவிட்டேன். உருபும் முகவரியின் பகுதியாகிவிட்டது. சொடுக்கியவர்களுக்குக் கோப்பு திறக்கவில்லை. முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி ஒட்டினாலும் இதே ஆபத்து. அதனால்தான் மேலே இணைப்பைத் தனி வரியில், முன்னும் பின்னும் எதுவும் ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

இரண்டாவதுதான் அந்த நாற்பது மின்னஞ்சல். பின்னூட்டம் போட்டேன், குத்தினேன், இணைப்பை நானே சொடுக்கிப் பார்த்தேன், கோப்பு அழகாகத் திறந்தது. திறக்காமல் என்ன செய்யும், கோப்பு என்னுடையது, நான் என் கணக்கில் உள்நுழைந்திருக்கிறேன்! மற்றவர்களுக்கு 'அனுமதி தேவை' என்ற பக்கம் வந்திருக்கிறது. அவர்கள் அனுமதி கேட்கும் பொத்தானை அழுத்த, ஒவ்வொரு அழுத்தலும் எனக்கு ஒரு மின்னஞ்சலாக வந்து விழுந்தது.

சரிசெய்யும் வழி: கோப்பைத் திறந்து Share பொத்தானை அழுத்துங்கள். General access என்ற இடத்தில் Restricted என்று இருக்கும். அதை Anyone with the link என்று மாற்றி, பக்கத்தில் Viewer என்றே விடுங்கள். Editor என்று மாற்றினால் முதலில் வருபவர் உங்கள் மூலக் கோப்பிலேயே தன் செலவை எழுதத் தொடங்கிவிடுவார். Viewer என்றால் எழுத முடியாதே, பயிற்சி எப்படிச் செய்வது? அதற்குத்தான் முகவரியின் கடைசியில் உள்ள `/edit` என்பதையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் நீக்கிவிட்டு `/copy` என்று போடுவது. திறப்பவருக்கு 'பிரதி எடுக்கவா' என்ற பக்கம் வரும்; பிரதி அவருடைய கணக்கில் உருவாகும். கூகுள் கணக்கில் உள்நுழைந்திருந்தால்தான் இது நடக்கும்.

இப்போதெல்லாம் எந்த இணைப்பையும் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்க்காமல் வெளியே விடுவதில்லை. அங்கே நான் யாரோ ஒருவன். `/copy` இணைப்பு எப்படியும் உள்நுழையச் சொல்லும் என்பதால், அங்கே `/edit` என்று முடியும் பழைய முகவரியைத் திறக்கிறேன். அந்த யாரோவுக்கு உள்நுழையாமலே கோப்பு தெரிந்தால் சரி.

வெளியிடும் வரிசை

நேரம் குறித்து வெளியிடும் வசதியை நம்பி நான் ஏமாந்தேன். குறித்த நேரம் வரும்வரை வீடியோ Private ஆகவே இருக்கும். அந்த நிலையில் பின்னூட்டம் எழுதவே முடியாது. வீடியோ காலையில் வெளியாக, நான் மதியம் வந்து பார்க்க, அதற்குள் பதினோரு பேர் '31ஆம் தேதி எங்கே' என்று கேட்டிருந்தார்கள்.

எனவே நான் செய்வது இது. வீடியோவை Unlisted நிலையில் ஏற்றுகிறேன். இணைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும் அந்த நிலையில் பின்னூட்டம் எழுதலாம். வீடியோ பக்கத்தைத் திறந்து, எழுதி வைத்ததை ஒட்டி வெளியிடுகிறேன். பின்னூட்டத்தின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி Pin என்பதைத் தேர்ந்தெடுக்கிறேன். உறுதி கேட்கும், ஆம் என்கிறேன். மேலே குத்திய அடையாளம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே வீடியோவை Public ஆக மாற்றுகிறேன். முதல் பார்வையாளர் வரும்போதே திருத்தம் காத்திருக்கும். நேரம் குறிக்கும் வசதி இதில் கிடையாது, கையால்தான் மாற்ற வேண்டும். எனக்கு அது பரவாயில்லை.

Pin என்ற வரியே மூன்று புள்ளிகளுக்குள் இல்லை என்றால், எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். சொந்தக் கணக்கும் சேனல் கணக்கும் தனித்தனியாக வைத்திருப்பவர்கள் சொந்தக் கணக்கில் நின்றுகொண்டு தேடுவது வழக்கம். இன்னொன்று, பதிலாக எழுதப்பட்ட பின்னூட்டத்தைக் குத்த முடியாது. தனிப் பின்னூட்டமாக இருக்க வேண்டும்.

கேள்விகள் வரத் தொடங்கியதும்

ஒரு வீடியோவுக்கு ஒன்றுதான் குத்த முடியும். புதிதாக ஒன்றைக் குத்தினால் பழையது இறங்கிவிடும். அதனால் புதுக் கேள்விக்குப் புதுப் பின்னூட்டம் எழுதாமல், இருப்பதையே திருத்திக் கீழே ஒரு வரி சேர்க்கிறேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினால் அதன் கீழே வந்த பதில்கள் எல்லாம் சேர்ந்து போகும், அதைச் செய்யாதீர்கள். திருத்திய பிறகு மேலேயே நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்தக் கேள்வி மேலே ஏற வேண்டும் என்பதற்கு என் அளவு மூன்று. மூன்றாவது ஆள் அதையே கேட்டால் ஏற்றுவேன். 'மொத்தம் 0 என்று வருகிறது' என்பது அப்படி ஏறியதுதான். செல்லில் எண்கள் இடப்பக்கம் ஒட்டி நின்றால் ஷீட்ஸ் அவற்றை எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். SUM அவற்றைக் கூட்டாது. Format பட்டியலில் Number என்பதைத் தேர்ந்து, எண்ணை மறுபடி அடித்தால் சரியாகும். இதை மேலே சேர்த்ததோடு, கேட்ட மூவருக்கும் தனித்தனியாகவும் பதில் எழுதினேன். நீங்கள் பின்னூட்டத்தைத் திருத்தியது அவர்களுக்கு அறிவிப்பாகப் போகாது.

பிற்சேர்க்கை 1: 'விளக்கக் குறிப்பில் எழுதினால் போதாதா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். மாறாத இணைப்புகளுக்கு அதுதான் சரியான இடம். மாறிக்கொண்டே இருக்கும் பதில்களுக்குப் பின்னூட்டம். கணக்கைப் பிழையாக்கும் தவறுக்கான திருத்தம் என்றால் இரண்டிலும் போடுகிறேன். வீடியோவை வேறொரு தளத்தில் பதித்து வைத்தால் அங்கே பின்னூட்டங்களே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். குழந்தைகளுக்கானது என்று குறித்த வீடியோவில் பின்னூட்ட வசதியே இருக்காது.

பிற்சேர்க்கை 2: ஷார்ட்ஸில் இணைப்பு நீலமாகவே மாறவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தவறு அவர்களுடையதல்ல. 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து ஷார்ட்ஸின் பின்னூட்டங்களில் இணைப்புகளைச் சொடுக்க முடியாதபடி யூடியூப் நிறுத்திவிட்டது. இன்ஸ்டாகிராமிலும் பின்னூட்டத்தில் போடும் முகவரி வெறும் எழுத்துதான். ஆனால் அங்கே மூன்று பின்னூட்டங்கள் வரை மேலே குத்தலாம். திருத்தத்துக்கு ஒன்று, கேள்விக்கு ஒன்று என்று பிரித்துவிட்டு, இணைப்பைச் சுயவிவரப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.