பிராய்லர் கோழி வயிற்றில் நீர் கோத்துச் சாகிறதா? காரணம் தீவனமா, காற்றா என்று கண்டுபிடிக்கும் முறை

சுங்கை பாக்காப்பில் இருக்கும் என் தங்கை, தீபாவளி விற்பனைக்காக 100 பிராய்லர் குஞ்சுகளை இறக்கியிருந்தாள். 26-ஆம் நாள் காலையில் போன் வந்தது. "அண்ணே, ராத்திரி நல்லா தின்ன கோழி ரெண்டு செத்துக் கிடக்குது. இன்னும் நாலஞ்சு உட்கார்ந்த இடத்த விட்டு எழுந்திரிக்க மாட்டேங்குது. ரெண்டு மூணுக்கு வயிறு பலூன் மாதிரி இருக்கு."

அன்று அவள் கொட்டகையில் பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறேன். புதிதாகக் கோழி வளர்ப்பவர்களும் இதே வரிசையில் பார்க்கலாம்.

முதலில் அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கோழியின் நுரையீரல் விலா எலும்போடு ஒட்டியிருக்கும்; நம்முடையதைப் போல விரியாது. பிராய்லரோ 35 நாளில் 2 கிலோ தாண்டிவிடும். உடம்பு கேட்கும் உயிர்வாயு கூடக்கூட, விரியாத அந்த நுரையீரலுக்குள் இதயத்தின் வலது பக்கம் முட்டி முட்டி ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு கட்டத்தில் அது தளர்ந்து, ரத்தம் ஈரலில் தேங்கி, அதன் நீர் ஈரலிலிருந்து வயிற்றுக்குள் கசிகிறது. இது தொற்றுநோய் அல்ல. உயரமான மலைப் பகுதிகளில் காற்றே மெலிந்திருப்பதால் இது அதிகம் வரும். தங்கை இருக்கும் செபராங் பிறை வட்டாரம் கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கிறது. அதனால் இங்கே நாம் பார்க்க வேண்டியது கொட்டகையின் கான்வாஸையும் தீவனச் சாக்கையும்தான்.

படி 1: எழாத கோழியைத் தூக்கிப் பாருங்கள்

எழாத கோழிக்கெல்லாம் கால்தான் நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கொண்டை நீலம் பாய்ந்து, வாய் திறந்து மூச்சு வாங்கி, வயிற்றைத் தொட்டால் தண்ணீர்ப் பை போலத் தளும்பினால், அது மூச்சு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. கொண்டை சிவப்பாக, கண் தெளிவாக இருந்து, இறக்கையை ஊன்றித் தத்தித் தத்தி நகர்ந்தால் கோளாறு காலில். தங்கையிடம் இரண்டு வகையும் இருந்தன: மூன்று மூச்சுக்கு, இரண்டு காலுக்கு.

படி 2: செத்த கோழியை அறுத்துப் பாருங்கள்

ஒரு முன்னெச்சரிக்கை. ஒரே நாளில் கூட்டமாகச் செத்தாலோ, தலை வீங்கினாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டாலோ கத்தியைத் தொடாதீர்கள். கால்நடைச் சேவை இலாகாவுக்கு உடனே சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாகவோ வெள்ளைக் கழிச்சலாகவோ இருக்கலாம்.

ஒன்றிரண்டு மட்டும் என்றால், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே வயிற்றுத் தோலைக் கீறுங்கள். நாங்கள் கீறியபோது வெளிர் மஞ்சள் நீர் கொட்டியது. பிடித்துப் பார்த்ததில் ஒரு கிளாஸ் அளவு. ஈரலின் மேல் ஜெல்லி போன்ற கட்டிகள் ஒட்டியிருந்தன. பிறகு இதயத்தைக் குறுக்கே வெட்டினோம். நல்ல இதயத்தில் வலது அறை மெல்லிய பிறை போல இடது அறையைச் சுற்றி இருக்கும். இதில் வலது பக்கம் பை போலத் தொங்கியது. அதற்குமேல் சந்தேகம் இல்லை.

நல்ல சதைப்பற்றுள்ள கோழி மல்லாந்து செத்து, தீனிப்பை நிறைந்திருந்து, வயிற்றில் நீரே இல்லை என்றால் அது வேறு: துடிப்பு தவறி இதயம் திடீரென நின்றுபோவது.

காலுக்கும் ஒரு சோதனை உண்டு. செத்த கோழியின் முழங்கால் எலும்பை எடுத்து ஒடியுங்கள். நல்ல எலும்பு 'டக்' என்று ஒடியும். எங்கள் கையில் இருந்தது பச்சைக் குச்சி போல வளைந்தது. அது சுண்ணாம்புச் சத்தோ பாஸ்பரஸோ வைட்டமின் டி-யோ போதாததன் அடையாளம்.

படி 3: உமியையும் காற்றையும் சோதியுங்கள்

விடியற்காலையில், கான்வாஸைத் தூக்குவதற்கு முன்பே உள்ளே போங்கள். கோழியின் உயரத்துக்குக் குந்தி ஒரு நிமிடம் இருங்கள். நின்றபடி முகர்ந்தால் தெரியாது, தினமும் போகிறவர் மூக்குக்கும் பழகிப்போயிருக்கும். கண் எரிந்தால் அம்மோனியா அளவு மீறிவிட்டது. அது நுரையீரலைப் புண்ணாக்கும். அடுத்து, தண்ணீர்த் தொட்டியின் கீழிருந்து ஒரு பிடி உமியை இறுக்கிப் பிழியுங்கள். கையைத் திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம்.

தங்கையின் உமி உருண்டையாக நின்றது, என் கண்ணில் நீர் வந்தது. மழை என்று மூன்று வாரமாக நாலு பக்கமும் கான்வாஸை இறக்கியே வைத்திருக்கிறாள். முதல் வாரம் சூட்டுக்காகக் கரி அடுப்பும் அதே மூடிய அறையில். குஞ்சு வயதில் காற்றில்லாமல் தவித்த கோழிக்கு அதன் பாதிப்பு நாலாவது, ஐந்தாவது வாரத்தில்தான் வெளியே தெரியும்.

ஆனால் உமி ஏன் இவ்வளவு நனைந்தது? கூரை ஒழுகவில்லை.

படி 4: தீவனத்தில் உப்பைக் கணக்குப் போடுங்கள்

செலவைக் குறைக்க அவள் 15-ஆம் நாளிலிருந்து கலந்தது இது: கடைத் தீவனம் 60 கிலோ, உடைத்த சோளம் 30 கிலோ, 'இக்கான் பாஜா' கருவாட்டுத் தூள் 10 கிலோ.

கடைத் தீவனத்தில் கிலோவுக்கு 3 முதல் 4 கிராம் உப்பு ஏற்கெனவே இருக்கும். 60 கிலோவில் சுமார் 200 கிராம். உப்பிட்ட கருவாட்டில் பத்தில் ஒரு பங்கு உப்பு என்று குறைத்தே வைத்தாலும், 10 கிலோவில் 1 கிலோ. மொத்தம் 1.2 கிலோ. 100 கிலோ தீவனத்துக்கு 400 கிராம் போதும். இது மூன்று மடங்கு.

அதிக உப்பு ரத்தத்தின் அளவைக் கூட்டி இதயத்துக்குச் சுமை ஏற்றுகிறது. தாகத்தில் கோழி தண்ணீரைக் குடித்துக் குடித்து நீராகக் கழிய, உமி நனைகிறது, அம்மோனியா கிளம்புகிறது. காற்றைக் கெடுத்ததே தீவனம்தான். காலுக்கும் காரணம் இதே கலவையில் இருக்கலாம். கடைத் தீவனம் 60 பங்காகக் குறைந்ததும் அதில் இருந்த வைட்டமின் டி-யும் குறைந்துபோனது. சோளத்தில் சுண்ணாம்பு அறவே இல்லை எனலாம்.

படி 5: அன்றே செய்ய வேண்டியவை

கலவையை நிறுத்தி, கடைத் தீவனத்தை மட்டும் கொடுத்தோம். ஈர உமியை அள்ளிவிட்டு, காய்ந்ததைப் போட்டோம். கான்வாஸில் காற்றடிக்கும் பக்கம் கீழே மூடி, மேலே ஒரு முழம் திறந்துவிட்டோம். சாரல் வராது, காற்று போகும். இரவு 11 முதல் காலை 5 வரை விளக்கை அணைத்தோம். இருட்டில் தீனி நின்று, இதயம் கொஞ்சம் ஓய்கிறது. கால் தளர்ந்தவற்றைத் தனியே பிரித்து, தீனியும் தண்ணீரும் எட்டும் உயரத்தில் வைத்து, வைட்டமின் டி மருந்தை லேபிளில் உள்ள அளவிலேயே தண்ணீரில் கலந்தோம்.

வயிறு வீங்கிய கோழி பிழைக்காது. ஊசி குத்தி நீரை எடுத்தாலும் திரும்ப ஊறும். அதைத் துன்பப்படவிடாமல் கழித்துவிடுவதே நல்லது, கறிக்கு விற்காதீர்கள். சாவும் மறுநாளே நிற்காது, ஏற்கெனவே தளர்ந்த இதயங்கள் இருக்கின்றனவே. அடுத்த எட்டு நாளில் இன்னும் நாலு போனது, பிறகு நின்றது. கால் தளர்ந்த இரண்டில் ஒன்று எழுந்து நடந்தது. எலும்பு வளைந்துபோன மற்றது தேறவில்லை.

படி 6: அடுத்த குஞ்சுகளுக்கு

8-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை, வயிறு முட்டத் தின்னும் அளவில் ஐந்தில் நாலு பங்கு மட்டும் கொடுங்கள். எல்லாக் கோழியும் ஒரே நேரத்தில் தின்னும்படி தட்டுகளைக் கூடுதலாக வையுங்கள், இல்லாவிட்டால் நோஞ்சான்கள் பட்டினி கிடக்கும். அந்த வாரம் எடை குறையும். பின்னால் பெரும்பாலும் ஈடாகிவிடும். சூட்டுக்குக் கரி வேண்டாம், பல்பு போதும். முதல் நாள் குஞ்சின் மட்டத்தில் 32 பாகை, பிறகு வாரத்துக்கு 3 பாகை குறையுங்கள். குளிர்ந்தால் உயிர்வாயு இன்னும் அதிகம் தேவைப்படும். அதனால் கான்வாஸை இறக்குங்கள், மேலே அந்த ஒரு முழத்தை மட்டும் மூடாதீர்கள்.