மடிக்கணினியில் முப்பரிமாணக் குறும்படம்: ரெண்டர் நேரத்தைக் கணக்கிடும் முறை

பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டர் இயந்திரத்தில் மூன்று நிமிடக் குறும்படம் என்றால், நொடிக்கு 24 பிரேம் வீதம் 4,320 பிரேம்கள் ரெண்டர் ஆக வேண்டும். முதல் பிரேமின் நேரத்தை மட்டும் வைத்துப் பெருக்கினால் கணக்கு பிசகும். கண்ணாடியோ புகையோ வரும் காட்சிகள் அதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கலாம். ஆகவே எத்தனை பிரேம்களுக்கு ஒன்றை ரெண்டர் செய்வது என்று சொல்லும் Step மதிப்பை 100 ஆக்கி, படம் நெடுகிலும் பரவிய 44 பிரேம்களை ரெண்டர் செய்து, அவற்றின் சராசரியை 4,320 ஆல் பெருக்குங்கள். மடிக்கணினி சூடேறியதும் வேகம் குறையும் என்பதால், இந்தச் சோதனையை இடைவிடாமல் ஓடவிடுவது முக்கியம். சராசரி 2 நிமிடம் என்றால் மொத்தம் 144 மணி நேரம், அதாவது ஆறு முழு நாட்கள்.

இதைக் குறைக்க, ஒரு பிக்சலுக்கு எடுக்கும் மாதிரிகளின் உச்ச வரம்பான Max Samples மதிப்பை 4096 இலிருந்து 256 ஆக இறக்கி, எவ்வளவு இரைச்சல் மிஞ்சலாம் என்று சொல்லும் Noise Threshold மதிப்பை 0.01 இலிருந்து 0.05 ஆக உயர்த்தி, மிஞ்சும் இரைச்சலை நீக்கும் Denoise வசதியை இயக்கலாம். தனிப் படமாகப் பார்க்கையில் இது சுத்தமாகவே தெரியும். ஆனால் இரைச்சல் நீக்கம் ஒவ்வொரு பிரேமிலும் தனித்தனியாக நடப்பதால், படம் ஓடும்போது இருண்ட மூலைகளில் கறைகள் நெளியக்கூடும். மிக இருண்ட காட்சியில் தொடர்ச்சியாக 24 பிரேம்களை ரெண்டர் செய்து ஓட்டிப் பாருங்கள். நெளிவு தெரிந்தால் அந்தக் காட்சிக்கு மட்டும் Noise Threshold மதிப்பை மீண்டும் 0.01 ஆக இறக்கி, Max Samples மதிப்பை 512 ஆக்கிப் பாருங்கள், படம் முழுவதற்கும் தேவையில்லை.

இறுதி ரெண்டரை வீடியோவாக அல்லாமல் PNG வரிசையாகச் சேமித்து, ஏற்கெனவே உள்ள கோப்புகளின் மேல் எழுதும் Overwrite தேர்வை நீக்கிவிட்டால், மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சோதனைப் பிரேம்களை வேறு கோப்புறையில் வையுங்கள். இல்லையெனில் பழைய அமைப்பில் உருவான அந்தப் பிரேம்களே படத்தில் தங்கிவிடும்.