புது த்ரீடி பிரிண்டரில் ரிட்ராக்ஷன் கடைசியில்தான்: வரிசை மாறினால் வரும் தவறுகள்

புது த்ரீடி பிரிண்டரில் எல்லோர் கண்ணிலும் முதலில் படுகிற குறை நூல்தான். ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நாசில் நகரும்போது மெல்லிய இழைகளை இழுத்துக்கொண்டே போகும். உடனே ஸ்லைசரைத் திறந்து, நாசில் நகரும்போது ஃபிலமென்ட்டைப் பின்னுக்கு இழுக்கிற ரிட்ராக்ஷன் அளவைக் கூட்டுகிறோம். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஃபிலமென்ட் ஈரமாக இருந்தாலும் நூல் வரும், சூடு கூடினாலும் வரும், தேவைக்கு மேல் பிளாஸ்டிக் இறங்கினாலும் வரும். இவையெல்லாம் சரியான பிறகும் மிச்சம் இருக்கிற நூலுக்குத்தான் ரிட்ராக்ஷன்.

மதுரை சிம்மக்கல் பக்கம் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிற தம்பி ஒருவரின் பிரிண்டரையே எடுத்துக்கொள்வோம். ஃபிலமென்ட் நீளமான போடன் குழாய் வழியாக நாசிலுக்குப் போகிற, பெட் முன்னும் பின்னும் நகர்கிற சாதாரண வகை. 0.4 மி.மீ. நாசில், பிஎல்ஏ ஃபிலமென்ட். உடைந்த திருகிகளுக்கு மாற்று அச்சடிக்க வாங்கியிருந்தார். ஒரு மே மாத மதியம் போன் செய்தார். "அண்ணே, முதல் லேயர் பிதுங்குச்சு, ஃப்ளோவைக் குறைச்சேன். அப்புறம் லேயர் ஒட்டல, சூட்டை ஏத்துனேன். இப்ப நூலு நிக்க மாட்டேங்குது. ரிட்ராக்ஷன் எட்டு வரைக்கும் போயிட்டேன், நாசில் அடைச்சுக்கிருச்சு."

நடந்தது முழுக்க அவர் சொன்னதிலேயே இருக்கிறது. முதல் லேயர் பிதுங்கியது நாசில் பெட்டுக்கு மிக நெருக்கமாக இருந்ததால். அதற்கு ஃப்ளோவை 90 சதவீதமாக்கியதும், மேலே உள்ள லேயர்களுக்குப் பிளாஸ்டிக் போதாமல் சுவர்கள் மெலிந்து பிரிந்தன. ஒட்டட்டும் என்று சூட்டை 215 டிகிரிக்கு ஏற்றியதும் பிளாஸ்டிக் இளகி ஒழுகியது. ஒழுகலை நிறுத்த 8 மி.மீ. வரை பின்னுக்கு இழுத்ததும் அடைப்பு. உண்மையான பிழை பெட்டில் இருந்த ஒன்றுதான். மற்ற மூன்றும் அதை மறைக்கப் போய் வந்தவை.

அதனால் எல்லா எண்களையும் ஸ்லைசர் தருகிற ஆரம்ப அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, பெட்டிலிருந்து தொடங்கினோம்.

பெட் லெவலிங்கில் நான் அதிகம் பார்க்கிற தவறு, குளிர்ந்த பெட்டில் செய்வது. சூடாகும்போது தகடு விரியும், கொஞ்சம் வளையவும் செய்யும். பிஎல்ஏவுக்கு 60 டிகிரி வைத்து, பத்து நிமிடம் விட்டு, அப்புறம்தான் நாசிலுக்கும் பெட்டுக்கும் நடுவே காகிதத்தை நுழைத்துப் பார்க்க வேண்டும். நாசில் நுனியில் காய்ந்த பிளாஸ்டிக் துளி ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நாசிலின் உயரத்துக்குப் பதிலாக அந்தத் துளியின் உயரத்தைத்தான் அளப்போம். சாதாரண காகிதம் சுமார் 0.1 மி.மீ. தடிமன். இழுக்கும்போது லேசாக உரசினால் போதும். இதற்கெல்லாம் முன்னால் பெட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அடியில் உள்ள சக்கரங்கள் தளர்ந்து பெட் ஆடினால் எந்த லெவலிங்கும் நிற்காது.

ஆட்டோ லெவலிங் சென்சார் இருந்தாலும் நான்கு மூலைகளையும் முதலில் கையால் சமப்படுத்தத்தான் வேண்டும். சென்சார் சின்னச் சின்ன மேடுபள்ளங்களுக்குத்தான். இன்னொன்று, மார்லின் ஃபர்ம்வேர் உள்ள பல பிரிண்டர்களில் அச்சுகளைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோகிற G28 கொடுத்ததும், சென்சார் அளந்து வைத்த மேடுபள்ளக் கணக்கான மெஷ் அணைந்துவிடும். ஸ்லைசரின் தொடக்கக் கட்டளைகளில் G28க்கு அடுத்த வரியாக இதைச் சேர்க்காவிட்டால் சென்சார் இருந்தும் பயனில்லை:

```
G28
M420 S1
```

சரிபார்க்க, ஒரே ஒரு லேயர் உள்ள சதுரத்தை அச்சடித்துப் பாருங்கள். கோடுகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் நாசில் உயரத்தில் இருக்கிறது. விரலால் தடவும்போது வரம்பு வரம்பாகத் தட்டுப்பட்டால் மிகத் தாழ்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் நாசிலின் உயரத்தை மாற்றுகிற Z ஆஃப்செட்டில்தான் திருத்த வேண்டும். முதல் லேயரைப் பார்த்து ஃப்ளோவை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

அடுத்து எக்ஸ்ட்ரூடரின் ஸ்டெப்ஸ், அதாவது ஒரு மி.மீ. ஃபிலமென்ட்டைத் தள்ள மோட்டார் எத்தனை படி சுழல வேண்டும் என்ற எண். ஃபிலமென்ட் நுழையும் இடத்திலிருந்து 120 மி.மீ. தள்ளி ஒரு குறி போட்டு, நாசிலைச் சூடாக்கி, மெதுவாக 100 மி.மீ. தள்ளச் சொல்ல வேண்டும். மிச்சம் 20 இருந்தால் சரி. தம்பியின் பிரிண்டரில் 23 இருந்தது, அதாவது 97தான் போயிருக்கிறது. பழைய அளவு 93, அதனால் புதியது 93 × 100 ÷ 97, ஏறக்குறைய 95.9. அதை M92ல் கொடுத்து M500ல் சேமித்தால் முடிந்தது. வேகமாகத் தள்ளினால் பல் சறுக்கி அளவு பொய்யாகிவிடும், அது ஒன்றுதான் இங்கே கவனம்.

இனி சூடு. ஆனால் அதற்கு முன்னால் ஃபிலமென்ட் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மதுரையில் திறந்து கிடக்கிற ரோல் ஈரத்தை நன்றாகவே இழுத்துக்கொள்ளும். நாசிலில் பட்பட்டென்று சின்னச் சத்தம் கேட்பதும், வெளிவருகிற இழையில் குமிழ் தெரிவதும் அதன் அடையாளம். அந்த ரோலை வைத்துக்கொண்டு எடுக்கிற எந்த அளவும் செல்லாது. 45 முதல் 50 டிகிரிக்குள் நான்கு முதல் ஆறு மணி நேரம் டிரையரில் வையுங்கள். மொட்டை மாடி வெயிலை நம்ப வேண்டாம். அங்கே சூடு நம் கையில் இல்லை, பிஎல்ஏ 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும்.

டெம்பரேச்சர் டவர் என்பது ஒவ்வொரு தளத்துக்கும் 5 டிகிரி குறைந்துகொண்டே போகிற கோபுரம். பிஎல்ஏவுக்கு 220ல் தொடங்கி 190ல் முடிக்கலாம். இங்கே நடக்கிற பெரிய தவறு, டவரின் கோப்பை மட்டும் இறக்கி அப்படியே அச்சடிப்பது. எந்த உயரத்தில் எத்தனை டிகிரி என்பதை ஸ்லைசரில் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏழு தளமும் ஒரே சூட்டில் வரும், நாம் இல்லாத வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருப்போம். தளம் மாறும்போது ஸ்கிரீனில் எண் மாறுகிறதா என்று ஒருமுறை நின்று பாருங்கள். தலைக்கு மேல் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் அந்தக் காற்றும் சேர்ந்து கோபுரத்தைக் குளிர்விக்கும். தினமும் எந்த நிலையில் அச்சடிப்பீர்களோ அதே நிலையில் டவரையும் அடியுங்கள்.

டவரைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. குறைந்த சூட்டில் வந்த தளங்கள் எப்போதும் அழகாகத்தான் இருக்கும், நூலும் குறைவாக இருக்கும். ஒவ்வொரு தளத்தையும் கையால் ஒடித்துப் பாருங்கள். தம்பியின் டவரில் 190 பளிச்சென்று இருந்தது, ஆனால் லேயர் லேயராகப் பிரிந்தது. 200ல் ஒடிக்க முடியவில்லை, பாலங்களும் தொங்கவில்லை. திரும்பத் திரும்பத் திருப்பப்படுகிற பொருளுக்கு 200தான் சரி. 215ஐவிட 15 டிகிரி கீழே வந்ததுமே பாதி நூல் தானாக நின்றுவிட்டது.

சூடு முடிவான பிறகுதான் ஃப்ளோ. பிளாஸ்டிக் எவ்வளவு இளகியிருக்கிறது என்பதைப் பொறுத்து வெளிவரும் அளவும் மாறும் என்பதால், இந்த வரிசையைத் திருப்பினால் ஃப்ளோவை இன்னொரு முறை பார்க்க வேண்டி வரும். மேல்மூடியும் இன்ஃபில்லும் இல்லாமல், ஒற்றைச் சுவரில் ஒரு சதுரப் பெட்டியை அச்சடியுங்கள். ஸ்லைசரில் கோட்டின் அகலம் 0.45 மி.மீ. என்று வைத்திருந்தால் சுவரும் அதே அளவில் வர வேண்டும். நான்கு பக்கத்திலும் நடுப்பகுதியில் காலிப்பரால் அளந்து சராசரி எடுங்கள். மூலைகள் எப்போதும் தடித்திருக்கும், கீழ் லேயர்கள் பிதுங்கியிருக்கும், லேயர் தொடங்கும் தையலும் புடைத்திருக்கும், அந்த இடங்களை விட்டுவிடுங்கள். தம்பியின் பெட்டியில் சராசரி 0.47 வந்தது. 100 × 0.45 ÷ 0.47 என்றால் 95.7, அதாவது 96 சதவீதம்.

இந்தக் கணக்கை அப்படியே நம்புவதும் தவறுதான். 0.45ல் 0.01 என்பது இரண்டு சதவீதத்துக்கும் மேல். விலை குறைந்த காலிப்பர் அந்த அளவுக்குப் பிசகுவது சாதாரணம், தவிர அதன் தாடை சுவரின் முகடுகளைத்தான் தொடும். அதனால் கணக்கு காட்டுகிற எண்ணிலும், அதற்கு இரண்டு மேலேயும் கீழேயும் வைத்து, முழுக்க நிரம்பிய மூன்று சின்னக் கட்டிகளை அச்சடித்து மேற்பரப்பைப் பாருங்கள். கோடுகளுக்கு இடையே பொடி ஓட்டைகள் இருந்தால் குறைவு. நாசில் உரசிப் போன தடங்கள் இருந்தால் அதிகம். அவருக்கு 94ல் ஓட்டை, 98ல் உரசல், 96ஐயே வைத்துக்கொண்டார்.

கடைசியாக ரிட்ராக்ஷன். அதற்கு முன் போடன் குழாயின் இரண்டு முனைகளையும் பாருங்கள். ரிட்ராக்ஷன் நடக்கும்போது குழாய் அதன் பிடியில் ஒரு மி.மீ. ஏறி இறங்கினால், நாம் கொடுக்கிற அளவில் அந்த ஒரு மி.மீ. வீண். பிடியில் கிளிப்பைச் செருகி அதை நிறுத்திவிட்டு, இடைவெளி விட்டு நிற்கும் இரண்டு தூண்களை அச்சடியுங்கள். வேகத்தை நொடிக்கு 40 மி.மீ. என்று நிறுத்திவைத்து, தூரத்தை மட்டும் 3 மி.மீ.யிலிருந்து அரை அரையாக ஏற்றுங்கள். நூல் நிற்கிற முதல் அளவோடு நிறுத்திவிட வேண்டும். தம்பிக்கு 4.5ல் நின்றது. நேரடி எக்ஸ்ட்ரூடர் உள்ள பிரிண்டர்களில் பெரும்பாலும் 0.5 முதல் 1.5க்குள் முடிந்துவிடும்.

கூடுதலாக வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நீளமாக இழுக்கும்போது உருகிய பிளாஸ்டிக் ஹாட்எண்டின் குளிர்ந்த பகுதிக்குள் ஏறி, அங்கே இறுகிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தகரக் கூரைக்குக் கீழே, மே மாதத்தில் அறையே 38, 40 டிகிரியில் இருக்கும்போது அந்தக் குளிர்ந்த பகுதியும் போதிய அளவு குளிராது. அவருடைய நாசில் அடைத்தது அப்படித்தான். கோடையில் பிஎல்ஏ ஓடும்போது பிரிண்டரை மூடி வைக்காதீர்கள், ஹாட்எண்டின் சின்ன ஃபேனில் தூசி அடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரோலை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி செய்யத் தேவையில்லை. நிறம் மாறினால்கூடச் சூடும் ஃப்ளோவும் கொஞ்சம் நகரலாம், அந்த இரண்டையும் பார்த்துவிட்டுத் தூண்களை ஒருமுறை அடித்தால் போதும். நாசிலைக் கழற்றி மாட்டினால் Z ஆஃப்செட்டிலிருந்து தொடங்க வேண்டும். எக்ஸ்ட்ரூடரின் பல்சக்கரத்தை மாற்றினால் மட்டும் ஸ்டெப்ஸை மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.