யூ.எஸ்.பி சவுண்ட் கார்டு கம்ப்யூட்டரில் தெரியவில்லையா, தெரிந்தும் இரைகிறதா?

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய, யூடியூபுக்குக் குரல் கொடுக்க என்று இரண்டு மைக் செருகும் அளவில் ஒரு சின்ன யூ.எஸ்.பி சவுண்ட் கார்டு வாங்குகிறோம். கடையில் இதை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பார்கள். தனி அடாப்டர் கிடையாது. லேப்டாப்பிலிருந்து வரும் அதே கேபிளில்தான் கரன்ட்டும் வரும், ஒலியும் போகும். அதனால்தான் தொல்லைகளும் அந்தக் கேபிளைச் சுற்றியே வருகின்றன.

கார்டு தெரியவில்லை என்றதும் பலரும் முதலில் டிரைவரைத் தேடி இறக்குவார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிள், போர்ட், டிரைவர் என்ற வரிசையில் போனால் பாதிப் பேருக்கு டிரைவர் வரை போகும் வேலையே இருக்காது.

1. கேபிள்

கார்டின் பின்பக்கம் எந்த மாதிரி சாக்கெட் என்று பாருங்கள். சதுரமாக, மேல் இரண்டு மூலையும் சீவிவிட்டது போல இருந்தால் அது பிரிண்டருக்குப் போடும் அதே பி-டைப். வீட்டில் பிரிண்டர் இருந்தால் அதன் கேபிளைக் கழற்றிச் செருகிப் பாருங்கள், சோதனை முடிந்தது. இந்த வகைக் கேபிளில் டேட்டா வயர் இல்லாதது அநேகமாக வருவதில்லை. உள்ளே வயர் அறுந்திருப்பது, நுனி ஆடுவது, இவைதான் இதன் நோய்.

சி-டைப் சாக்கெட் என்றால் கதை வேறு. போன் சார்ஜருடன் வரும் மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் சார்ஜுக்கான இரண்டு வயர்கள் மட்டுமே இருக்கும். கார்டில் லைட் எரியும், கம்ப்யூட்டர் மட்டும் கண்டுகொள்ளாது. அந்தக் கேபிளால் போனை லேப்டாப்பில் இணைத்து, போனில் ஃபைல் பரிமாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். போட்டோ ஃபோல்டர் திறந்தால் கேபிளில் டேட்டா வயர் இருக்கிறது. சார்ஜ் மட்டும் ஏறி, அந்தத் தேர்வே வேலை செய்யவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. இரண்டு முனையும் சி-டைப் ஆன கேபிளைப் போட்டால் லைட்டே எரியாது, ஒரு முனை பழைய அகல யூ.எஸ்.பியாக உள்ள கேபிளைப் போட்டால் எரியும். சி-டைப் போர்ட், மறுபக்கம் ஒரு சாதனம் இருக்கிறது என்று அடையாளம் கண்ட பிறகே கரன்ட் தரும். அந்த அடையாளத்துக்கான சின்ன ரெசிஸ்டரைச் சில மலிவு கார்டுகளில் போடாமல் விட்டுவிடுகிறார்கள். கார்டு கெட்டுப்போகவில்லை, அகல முனைக் கேபிளோடு பயன்படுத்தினால் போதும்.

நீளத்தையும் கவனியுங்கள். யூ.எஸ்.பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் வரம்பு. மைக் தூரத்தில் இருந்தால் மைக் கேபிளை நீட்டுங்கள், யூ.எஸ்.பி கேபிளை நீட்டாதீர்கள்.

2. போர்ட்டில் போதுமான கரன்ட் வருகிறதா

இதை ஒரு கேஸாகவே சொல்கிறேன். நண்பர் ஒருவர் வீட்டில் கார்டு நன்றாக வேலை செய்யும். கண்டென்சர் மைக்குக்குக் கரன்ட் தரும் 48V என்ற பட்டனை அழுத்தியதும் லைட் ஒருமுறை மங்கி, விண்டோஸ் 'டுடுங்' என்று சாதனம் கழன்ற சத்தம் எழுப்பும், கார்டு பட்டியலிலிருந்து காணாமல் போகும். பட்டனை விட்டால் திரும்ப வரும். டிரைவரை நீக்கி, மறுபடி ஏற்றி எல்லாம் பார்த்திருந்தார்.

அவர் கார்டைச் செருகியிருந்தது லேப்டாப்பில் இல்லை, ஒரு நாலு போர்ட் ஹப்பில். அந்த ஹப்புக்குத் தனி அடாப்டர் கிடையாது. அதே ஹப்பில் கீபோர்டு, வெளி ஹார்டு டிஸ்க் இரண்டும் இருந்தன.

கணக்கு இதுதான். யூ.எஸ்.பி 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை தர வேண்டும். 3.0 போர்ட் என்றால் 900. அடாப்டர் இல்லாத ஹப் தனக்கு வரும் 500ஐத்தான் பங்கு பிரிக்கிறது, விதிப்படி ஒரு போர்ட்டுக்கு 100 மில்லி ஆம்பியர்தான் உறுதி. கண்டென்சர் மைக் 48 வோல்ட்டில் 4 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 0.2 வாட். கேட்கச் சின்னதுதான். ஆனால் அதைக் கார்டு 5 வோல்ட்டிலிருந்துதான் ஏற்றித் தர வேண்டும், அதற்கு 40 மில்லி ஆம்பியர், வழியில் போகும் இழப்பு தனி. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் ஹப்பில் அது போதும், வோல்டேஜ் இறங்கிவிடும்.

கார்டை லேப்டாப்பின் போர்ட்டிலேயே நேராகச் செருகினார், சரியாகிவிட்டது. ஹார்டு டிஸ்க் ஹப்பிலேயே இருக்கிறது. ஹப் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் தனி அடாப்டர் உள்ள ஹப்பாக வாங்குங்கள். டெஸ்க்டாப் என்றால் கேபினெட்டின் முன்பக்க போர்ட்டை விட்டு, மதர்போர்டோடு சேர்ந்திருக்கும் பின்பக்க போர்ட்டில் போடுங்கள். முன்பக்கத்துக்குள்ளே ஒரு நீள வயர் ஓடுகிறது, சில கேபினெட்களில் அது மட்டமான வயர்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் கார்டு காணாமல் போகிறது என்றால் அது கரன்ட் பற்றாக்குறை இல்லை, விண்டோஸ் மிச்சம் பிடிக்கிறது. `Device Manager`-இல் ஒவ்வொரு `USB Root Hub`-இலும் `Power Management` பக்கத்தைத் திறந்து, `Allow the computer to turn off this device to save power` என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

3. டிரைவர்

இப்போது `Win + R` அழுத்தி இதைத் தட்டுங்கள்:

```
devmgmt.msc
```

திறந்து வைத்துக்கொண்டு கார்டைக் கழற்றிச் செருகுங்கள். பட்டியல் ஒருமுறை துள்ளும். அந்தத் துள்ளலைத்தான் கவனிக்க வேண்டும்.

துள்ளவே இல்லை என்றால் கம்ப்யூட்டருக்குக் கார்டு வந்ததே தெரியாது. எந்த டிரைவரும் இதைச் சரிசெய்யாது, கேபிளுக்குத் திரும்பிப் போங்கள்.

`Unknown USB Device (Device Descriptor Request Failed)` என்று மஞ்சள் முக்கோணத்தோடு வந்தால், ஏதோ ஒன்று செருகப்பட்டது தெரிகிறது, நீ யார் என்று கேட்டால் பதில் ஒழுங்காக வரவில்லை. இதற்கும் பெரும்பாலும் கேபிள், போர்ட், அல்லது கார்டின் சாக்கெட்தான் காரணம். பதில் சொல்லாத கார்டுக்கு எந்த டிரைவர் என்று விண்டோஸ் எப்படித் தேடும்?

கார்டின் பெயரே சரியாக வந்து, அதன் மேல் மஞ்சள் குறி இருந்தால்தான் டிரைவர் வேலை. யூ.எஸ்.பி ஆடியோ 2.0 என்ற பொது முறையில் இயங்கும் கார்டுகளுக்கான டிரைவர் விண்டோஸ் 10இன் 2017 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. மேக்கிலும் லினக்ஸிலும் இப்படிப்பட்ட கார்டுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. இந்தப் பொது முறையில் வராத பழைய கார்டுகளுக்கு மட்டும் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவி, கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கி, அப்புறம் செருகுங்கள்.

எல்லாம் தெரிகிறது, ரெக்கார்டிங் மென்பொருளில், தாமதம் குறைவாகப் பதிவு செய்ய உதவும் ஏ.எஸ்.ஐ.ஓ டிரைவர்களின் பட்டியலில் மட்டும் கார்டு இல்லை என்றாலும் தயாரிப்பாளரின் டிரைவரைப் போட வேண்டியதுதான். விண்டோஸில் உள்ளடங்கிய அந்த டிரைவர் சாதாரண ஒலிக்கு மட்டும். இன்னொன்று, கார்டு இருக்கிறது ஆனால் மைக்கில் சத்தமே வரவில்லை என்றால் `Settings`-இல் `Privacy` பக்கம் போய் மைக்ரோபோன் அனுமதி அணைந்திருக்கிறதா பாருங்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு இது போதும்:

```
lsusb
sudo dmesg | tail -n 20
arecord -l
```

`dmesg`-இல் `device descriptor read/64, error -71` என்று வந்தால் கேபிளில் சந்தேகப்படுங்கள்.

4. இரைச்சல்: எந்த மாதிரிச் சத்தம் என்று முதலில் கேளுங்கள்

ஸ்பீக்கர் கேபிளைக் கழற்றிவிட்டு, ஹெட்போனைக் கார்டிலேயே செருகுங்கள். மைக் எதுவும் வேண்டாம், அதன் வால்யூமையும் முழுக்கக் குறையுங்கள். இப்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றி, மாட்டிக் கேளுங்கள்.

ஹெட்போனில் அமைதி, ஸ்பீக்கர் மாட்டினால் 'உம்ம்' என்று அடித்தொண்டைச் சத்தம், சார்ஜரைக் கழற்றினால் அதுவும் போய்விடுகிறது. இது எர்த் லூப். ஸ்பீக்கருக்கு மூன்று பின் பிளக், லேப்டாப் சார்ஜருக்கும் மூன்று பின். இரண்டும் எர்த் வழியாக ஒருமுறையும், ஸ்பீக்கர் கேபிளின் உறை வழியாக ஒருமுறையும் இணைந்து ஒரு வட்டமாகிவிடுகின்றன. அந்த வட்டத்தில் ஓடும் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான் காதில் விழுகின்றன.

முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள், பல வீடுகளில் இதிலேயே பாதி குறையும். அடுத்து, கார்டின் அவுட்புட்டும் ஸ்பீக்கரின் இன்புட்டும் பேலன்ஸ்டு வகை என்றால், பின்னில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள டி.ஆர்.எஸ் கேபிளைப் போடுங்கள். ஒற்றை வளையக் கேபிளில் உறை வழியே வரும் இரைச்சல் ஒலியோடு கலந்துவிடும், இரட்டை வளையத்தில் ஸ்பீக்கர் அதைக் கழித்துவிடும். ஸ்பீக்கரில் பேலன்ஸ்டு இன்புட் இல்லையா, நடுவே ஆடியோ ஐசொலேட்டர் என்று விற்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை வையுங்கள். மலிவானதில் பேஸ் கொஞ்சம் மெலியும்.

எர்த் பின்னை ஒடித்துவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். நிற்கும்தான். நாளைக்கு ஸ்பீக்கருக்குள் ஒரு வயர் பாடியைத் தொட்டால் அந்த மின்சாரம் மைக்கைப் பிடித்திருப்பவர் வழியாகத்தான் இறங்கும். செய்யாதீர்கள்.

சார்ஜர் இரண்டு பின் என்றால் வேறு அறிகுறி. லேப்டாப்பின் இரும்புப் பகுதியைத் தடவினால் விரலில் சுருசுருவென்று இருக்கும், கிட்டார் கம்பியைத் தொட்டால் இரைச்சல் மாறும். சார்ஜருக்குள்ளிருந்து கசியும் சிறு மின்சாரத்துக்கு இறங்க எர்த் இல்லை. பதிவு நேரத்தில் பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது அதே லேப்டாப்புக்கான மூன்று பின் சார்ஜர் கிடைக்கிறதா பாருங்கள். மூன்று பின் போட்டும் சுருசுரு போகவில்லை என்றால் சுவரின் எர்த்தில்தான் சந்தேகம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஹெட்போனிலேயே 'கீ...' என்று மெல்லிய சத்தம், மவுஸை நகர்த்தினால் அதுவும் கூடவே மாறுகிறது என்றால் எர்த் லூப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். லேப்டாப்புக்குள்ளிருந்து 5 வோல்ட் வயரில் வரும் குப்பை இது. வேறு பக்கத்துப் போர்ட், பிறகு அடாப்டர் உள்ள ஹப் என்று முயலுங்கள். கார்டில் தனி டிசி சாக்கெட் இருந்தால் அதில் கரன்ட் கொடுங்கள்.

இதற்கென்றே யூ.எஸ்.பி ஐசொலேட்டர் என்று ஒரு கருவி விற்கிறார்கள். வாங்குமுன் அதன் வேகத்தைப் பாருங்கள். மலிவானவை பெரும்பாலும் 12 மெகாபிட் வரைதான். யூ.எஸ்.பி ஆடியோ 2.0 கார்டுகள் 480 மெகாபிட் வேகத்தில் பேசுபவை, அந்த ஐசொலேட்டரை நடுவில் வைத்தால் இரைச்சலோடு கார்டும் காணாமல் போக வாய்ப்பு அதிகம்.