தூண் காணாமல் போன மெயில்

மதுரையில் ஒரு ஹோட்டல் லாபியைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, வேலை தொடங்கும் முன்பே ஏஐ படங்களில் தோற்றத்தைக் காட்டுகிறேன் என்று மேனேஜருக்கு மெயில் போட்டேன். வெறும் வார்த்தைகளைக் கொடுத்து உருவாக்கிய 12 படங்களையும் சேர்த்து அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து ஒரே வரிதான் வந்தது: "சார், லாபி நடுவுல ரெண்டு தூண் இருக்கே, அது எங்க?"

தூணை இடிக்கவா முடியும்? நேரில் போய், வாசலில் நின்று லிஃப்டும் ரிசப்ஷனும் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்தேன். அதை ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ படக் கருவியில், கண்ட்ரோல்நெட் என்ற துணைக் கருவியின் டெப்த் முறையில் கொடுத்தால், போட்டோவில் எது கிட்டே, எது தூரம் என்பதைப் பிடித்துக்கொண்டு சுவரையும் தூணையும் பெரும்பாலும் அதே இடத்தில் வைத்து, தரை, விளக்கு, சோபாவை மட்டும் மாற்றித் தருகிறது. அப்படியும் ஒரு படத்தில் லிஃப்ட் கதவு அலமாரியாகிவிட்டது, அதைத் தூக்கிப் போட்டேன்.

இரண்டாவது மெயிலின் தலைப்பு "உங்கள் லாபி, அதே தூண்களோடு". பழைய போட்டோ, பக்கத்தில் 2 படங்கள், அவ்வளவுதான். கீழே, "இவை ஏஐ யோசனைப் படங்கள், அளவு வரைபடம் அல்ல, இந்த விளக்கு அப்படியே கடையில் கிடைக்காது" என்று தயங்கித் தயங்கித்தான் எழுதினேன். செக் அவுட் கூட்டம் ஓய்ந்த பிறகு 20 நிமிடம் கேட்டிருந்தேன். அன்று சாயங்காலமே போன் வந்தது.