வீட்டு வேலை எங்கே நிற்கிறது? PV, EV, AC போட்டுப் பார்ப்போம்

ஒரு சிறிய வீடு கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த பட்ஜெட் 20 லட்சம். 12-வது வார முடிவுக்குள் 12 லட்சத்துக்கான வேலை நடந்திருக்க வேண்டும் என்பது திட்டம். கணக்கு நோட்டைப் புரட்டினால் செலவு 10 லட்சம்தான். "பரவாயில்லையே, 2 லட்சம் மிச்சம்" என்று தோன்றும். அது மிச்சமா, நடக்காத வேலையா என்பது இந்த இரண்டு எண்களில் தெரியாது. மூன்றாவதாக ஒரு எண் வேண்டும்.

படி 1: மூன்று எண்கள்

இன்றைய தேதிக்குள் முடிக்கத் திட்டமிட்ட வேலையின் பட்ஜெட் மதிப்பு, திட்ட மதிப்பு (PV). உண்மையிலேயே முடிந்த வேலையின் பட்ஜெட் மதிப்பு, ஈட்டிய மதிப்பு (EV). முடிந்த அந்த வேலைக்கு ஆன செலவு, உண்மைச் செலவு (AC). EV-யைக் கணக்கிடும்போது செலவைப் பார்க்கவே கூடாது. 4 லட்சம் பட்ஜெட் போட்ட வேலை முழுதாக முடிந்தால், கையைவிட்டு 6 லட்சமே போயிருந்தாலும், EV 4 லட்சம்தான்.

படி 2: எவ்வளவு முடிந்தது?

தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். மேஸ்திரியிடம் கேட்டால் எப்போதும் "முக்கால்வாசி முடிஞ்சிருச்சு சார்" என்பார். அதை எழுதிக்கொள்ளாமல் அளந்து எழுதுங்கள். நம் வீட்டில் செங்கல் கட்டு மொத்தம் 1,500 கன அடி. கட்டியது 1,200 கன அடி. உள் தடுப்புச் சுவர்கள் பாக்கி. ஆக 80%.

கூரையை அப்படி அளக்க முடியாது. அதனால் வேலை தொடங்கும் முன்பே பங்கு பிரித்து வைக்கிறோம்: சென்ட்ரிங் முடிந்தால் 20%, கம்பி கட்டி முடிந்தால் இன்னும் 40%, கான்கிரீட் போட்டதும் மீதி 40%. இப்போது முடிந்தது சென்ட்ரிங் மட்டும், எனவே 20%. திட்டப்படி கம்பியும் கட்டியிருக்க வேண்டும், அதாவது 60%.

படி 3: அட்டவணை (தொகை லட்சத்தில்)

| வேலை | பட்ஜெட் | திட்டம் | முடிந்தது | PV | EV | AC |
|---|---|---|---|---|---|---|
| அஸ்திவாரம் | 4 | 100% | 100% | 4 | 4 | 4.4 |
| செங்கல் கட்டு | 5 | 100% | 80% | 5 | 4 | 4.3 |
| கூரை | 5 | 60% | 20% | 3 | 1 | 1.3 |
| பூச்சு, தரை, பெயின்ட் | 6 | 0% | 0% | 0 | 0 | 0 |
| மொத்தம் | 20 | | | 12 | 9 | 10 |

எக்செல்லில் போடுவதானால், A-யில் தொடங்கி இதே வரிசையில் நிரல்களை வைத்து, இரண்டாவது வரிசையில் இப்படி எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
E2: =B2*C2
F2: =B2*D2
```

படி 4: கழித்துப் பாருங்கள்

```
SV = EV - PV = 9 - 12 = -3
CV = EV - AC = 9 - 10 = -1
```

SV கால விலகல், CV செலவு விலகல். இரண்டிலுமே EV முதலில் வரும். மைனஸ் வந்தால் பாதகம். இங்கே இரண்டுமே மைனஸ். மிச்சம் என்று நினைத்த இடத்தில், 3 லட்சத்துக்கான வேலை பின்தங்கியிருக்கிறது. 9 லட்சம் பெறுமான வேலைக்கு 10 லட்சம் போயிருக்கிறது.

படி 5: மொத்தத்தோடு நிற்காதீர்கள்

செலவு விலகலை வரிசை வரிசையாகப் பிரித்தால் அஸ்திவாரம் −0.4, செங்கல் கட்டு −0.3, கூரை −0.3. அஸ்திவாரத்தில் களிமண் வந்ததால் பள்ளத்தை ஆழப்படுத்தினோம். அது போன பணம்தான். ஆனால் கூரைக் கணக்கில் உள்ள 30,000 ரூபாய், வாங்கி அடுக்கி வைத்து இன்னும் கட்டாத கம்பியின் விலை. அந்த வேலை EV-யில் ஏறவில்லை, செலவு மட்டும் AC-யில் ஏறிவிட்டது. இதைக் கையிருப்பு என்று தனியே எழுதினால் AC 9.7, CV −0.7 ஆகிவிடும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வேலை முடிந்து கூலி இன்னும் கொடுக்கவில்லை என்றால், அந்தக் கூலியையும் AC-யில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் செலவு குறைந்ததுபோல் பொய்யாகத் தெரியும்.

கால விலகலில் செங்கல் கட்டு −1, கூரை −2. தடுப்புச் சுவரைக் கூரை போட்ட பிறகும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் கூரை தள்ளிப்போனால் உள்பூச்சு, தரை எல்லாமே காத்திருக்க வேண்டும். இந்த வித்தியாசம் SV-க்குத் தெரியாது, அதற்கு எல்லாமே ரூபாய்தான். எத்தனை நாள் தாமதம் என்பதையும் அது சொல்லாது. அதற்கு வேலை அட்டவணையைத்தான் திறக்க வேண்டும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. வீடு மூன்று மாதம் தாமதமாக முடிந்தாலும், முடிந்த அன்று EV 20, PV-யும் 20. SV பூஜ்யமாகிவிடும். அதனால் கடைசிக் கட்டத்தில் SV மைனஸிலிருந்து மேலே ஏறுவதைப் பார்த்து, தாமதத்தை ஈடுகட்டிவிட்டோம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. CV அப்படித் தானாகப் பூஜ்யமாகாது, வீடு முடிந்த அன்றும் செலவு எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பதை அது காட்டும்.